உங்கள் மரபணு ரிப்போர்ட் பற்றி

அன்புள்ள அம்மாவுக்கு,

வணக்கம். வெள்ளிக்கிழமை நான் பேசி முடித்தபோது எல்லாவற்றுக்கும் தலையாட்டினீர்கள். ஆனால் ஒன்றும் மனதில் நிற்கவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது. நேற்று உங்கள் மகள் போன் செய்து, "அம்மா ரெண்டு நாளா சரியா சாப்பிடல, ரிப்போர்ட்டைத் தலைமாட்டுல வச்சுக்கிட்டே படுக்கிறாங்க" என்றாள். அதனால்தான் அன்று சொன்னதையே இப்போது எழுதித் தருகிறேன். மகளைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு மெதுவாகப் படியுங்கள்.

முதலில் ஒன்று. இந்த ரிப்போர்ட் உங்களுக்குப் புற்றுநோய் திரும்பி வந்துவிட்டது என்று சொல்லவில்லை. அதைப் பார்க்கிற டெஸ்ட்டே இது இல்லை. நீங்கள் பிறக்கும்போதே உடம்பில் இருந்த மரபணுக்களை, அதாவது அப்பா அம்மாவிடமிருந்து வந்த எழுத்துகளை, ரத்தத்திலிருந்து எடுத்துப் படித்திருக்கிறார்கள். மார்பக ஆபரேஷனும் கீமோவும் முடிந்து நீங்கள் இன்று இருக்கிற நிலைக்கும் இந்தத் தாளுக்கும் சம்பந்தம் கிடையாது.

சரி, தாளில் என்னதான் இருக்கிறது? BRCA1, BRCA2 உட்பட மார்பக, சினைப்பைப் புற்றுநோயோடு தொடர்புள்ள பல மரபணுக்களைப் பார்த்தார்கள். தீங்கு செய்யும் என்று உறுதியாகத் தெரிந்த மாற்றம் எதுவும் கிடைக்கவில்லை. இது நல்ல செய்தி. அந்த வரி முதல் பக்கத்தில் இருக்கிறது, அதை யாரும் உங்களுக்குப் படித்துக் காட்டவில்லை போல. இரண்டாம் பக்கக் கட்டத்தில் BRCA2-க்கு நேரே Uncertain Significance என்று போட்டிருப்பதைத்தான் எல்லோரும் பிடித்துக்கொண்டார்கள். முழுப் பெயர் Variant of Uncertain Significance, சுருக்கமாக VUS என்பார்கள். இந்த இடத்தில் ஒரு எழுத்து மாறியிருக்கிறது, அதனால் தீங்கு உண்டா இல்லையா என்று இன்றைக்குத் தெரியாது என்பதுதான் அதற்கு அர்த்தம்.

'தெரியாது' என்றால் 'இருக்கிறது, ஆனால் டாக்டர் சொல்ல மறுக்கிறார்' என்று நம் ஊரில் எடுத்துக்கொள்கிறோம். நீங்களும் அப்படித்தான் கேட்டீர்கள். நான் எதையும் மறைக்கவில்லை அம்மா. எனக்கும் தெரியாது, ரிப்போர்ட் கொடுத்த லேபுக்கும் தெரியாது.

எழுத்து மாறுவதை இப்படிப் பாருங்கள். மளிகைச் சீட்டில் 'பழம்' என்பதை 'பளம்' என்று எழுதிக் கொடுத்தாலும் கடைக்காரர் பழத்தைத்தான் எடுத்துக் கொடுப்பார். தீங்கற்ற மாற்றம் அப்படி. நம் எல்லோருடைய மரபணுவிலும் அந்த மாதிரி ஏராளமாக உண்டு. 'மரம்' என்பது 'மறம்' ஆனால் சொல்லே வேறு. தீங்கான மாற்றம் அப்படி. இப்போது நீங்கள் கேள்விப்பட்டே இராத ஒரு ஊரின் பெயரில் ஒரு எழுத்து மாறி வந்தால்? எழுத்துப்பிழையா, வேறு ஊரா? அந்தப் பக்கத்து மனிதர்கள் நாலு பேரைக் கேட்டால்தான் தெரியும். உங்கள் VUS இந்த மூன்றாவது வகை.

நாலு பேரைக் கேட்பதில்தான் நமக்குச் சிக்கல். ஒரு மாற்றம் ஆரோக்கியமானவர்களிடமும் பரவலாக இருந்தால் அது தீங்கற்றது என்று நம்பிச் சொல்லலாம். ஆனால் உலகத்தில் இதுவரை சேர்த்து வைத்த மரபணுத் தகவலில் பெரும்பகுதி ஐரோப்பிய வம்சாவளியினருடையது. நம் மக்களுடையது குறைவு. அங்கே அரிதாகத் தெரிகிற ஒரு எழுத்து நம் பக்கத்தில் சாதாரணமாக இருக்கலாம். அதனால்தான் இந்தியர்களுக்கு VUS என்ற பதில் அதிகமாக வருகிறது. இது உங்கள் உடம்பின் குறை அல்ல, கணக்கில் நம்மைச் சேர்க்காததன் குறை. எனக்கு இதில் வருத்தம் உண்டு. ஜீனோம் இந்தியா திட்டத்தில் 10,000 இந்தியர்களின் மரபணுத் தொகுதியைப் படித்து, 2025 ஜனவரியில் அந்தத் தகவலை ஆராய்ச்சியாளர்களுக்குத் திறந்துவிட்டார்கள். இந்த மாதிரித் தகவல் சேரச் சேர நம்முடைய 'தெரியாது'கள் குறையும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். VUS என்று வைத்த மாற்றங்களுக்குப் பிறகு பதில் கிடைக்கும்போது, பெரும்பாலானவை தீங்கற்றவை என்றே முடிகின்றன. சில மட்டும் தீங்கானவை என்று மாறும். அதனால் பயப்படவும் வேண்டாம், ரிப்போர்ட்டைத் தொலைத்துவிடவும் வேண்டாம்.

உங்கள் கொழுந்தனார் ஹாலிவுட் நடிகை ஏஞ்சலினா ஜோலி பற்றிப் படித்துவிட்டு, இன்னொரு மார்பகத்தையும் சினைப்பைகளையும் உடனே எடுத்துவிடலாம் என்றாராமே. அக்கறையில்தான் சொல்லியிருப்பார். ஆனால் ஜோலி 2013-இல் எழுதியது, தீங்கானது என்று உறுதியான BRCA1 மாற்றத்தைப் பற்றி. உங்களுக்கு இருப்பது அதுவல்ல. VUS ஒன்றை மட்டும் வைத்து எந்த உறுப்பையும் எடுக்கக் கூடாது. இதில் எனக்கும் உங்கள் புற்றுநோய் டாக்டருக்கும் ஒரே கருத்துதான். உங்களுக்கான கவனிப்பு, உங்கள் நோயையும் குடும்ப வரலாற்றையும் வைத்துத்தான். வருடாந்தர மேமோகிராம், டாக்டர் சொன்ன மாத்திரை, செக்கப் எல்லாம் முன்பு போலவே தொடரட்டும்.

அடுத்து மகள். "அவளுக்கும் வந்திருக்குமா?" என்று மூன்று தடவை கேட்டீர்கள். அந்த மரபணுவின் இரண்டு பிரதிகளில் ஒன்றில்தான் மாற்றம். ஆகவே அவளுக்கு அந்த எழுத்து வந்திருக்கப் பாதி வாய்ப்பு. ஆனால் அர்த்தம் தெரியாத ஒரு எழுத்து வந்தது என்பதால் நோய் வந்ததாக ஆகிவிடாது. இப்போது அவளுக்கு டெஸ்ட் எடுத்தால் அவள் கையிலும் ஒரு 'தெரியாது' இருக்கும், அவ்வளவுதான். அதனால் வேண்டாம். கல்யாணப் பேச்சை இதற்காக நிறுத்தி வைக்கவும் வேண்டாம். ஒரு விஷயம் மட்டும்: உங்களுக்கு 44 வயதில் வந்ததால், மகளுக்கு எந்த வயதிலிருந்து பரிசோதனை தொடங்குவது என்று டாக்டரிடம் கேட்டு வைப்போம். அது குடும்ப வரலாற்றுக்காக, இந்த VUS-க்காக அல்ல.

டெஸ்ட் எடுக்க வேண்டியவர், சினைப்பைப் புற்றுநோய் வந்த, திண்டுக்கல்லில் இருக்கிற உங்கள் சித்தி. அந்த நோய் வந்தவர்களுக்கு இந்தப் பரிசோதனையை எப்படியும் பரிந்துரைக்கிறோம். ஒருவேளை அவருக்கு வேறொரு தீங்கான மாற்றம் இருந்தால், அது உங்களுக்கு வரவில்லை என்பது அப்போது தெளிவாகும். உங்கள் எழுத்து அவரிடம் இருக்கிறதா என்பதும் ஒரு சின்னத் தடயம். இருந்தாலே குற்றவாளி என்று ஆகாது, இல்லையென்றால் உங்கள் அப்பா வழியில் வந்திருக்கவும் கூடும். அவரைக் கட்டாயப்படுத்த வேண்டாம். "என்னைப் பாத்துக்கிற டாக்டருங்க கேட்டாங்க, உங்களுக்கு இஷ்டம்னா" என்று சொல்லுங்கள் போதும். அவருக்கு நானே போனில் விளக்குகிறேன்.

ரிப்போர்ட்டை பீரோவில் மற்ற மருத்துவத் தாள்களோடு வைத்துவிடுங்கள். வருடத்துக்கு ஒரு முறை, மேமோகிராமுக்கு வருகிற அன்றே, அதைக் கையில் எடுத்துக்கொண்டு என் அறைக்கு வாருங்கள். வகை மாறியிருக்கிறதா என்று லேபில் கேட்டுச் சொல்கிறேன். உங்கள் போன் நம்பர் மாறினால் எங்களுக்குத் தெரியப்படுத்துங்கள், நடுவில் செய்தி வந்தால் நான் கூப்பிட வேண்டும். குடும்பத்தில் வேறு யாருக்காவது புற்றுநோய் என்று தெரிந்தாலும், எந்த உறுப்பில், எத்தனை வயதில் என்று குறித்து வைத்துச் சொல்லுங்கள்.

வரும் புதன்கிழமை மதியம் 3 மணிக்கு உங்களுக்கென்று நேரம் ஒதுக்கியிருக்கிறேன். கேள்விகளை மகள் ஒரு தாளில் எழுதிக் கொண்டு வரட்டும். கொழுந்தனாரையும் அழைத்து வாருங்கள்.

அன்புடன்,
மரபணு ஆலோசகர்