காலண்டர்: மோதுகிற இடங்களும் மாற்றிய அட்டவணையும்

அண்ணா, வணக்கம்.

அடுத்த வாரக் காலண்டர் ஸ்கிரீன்ஷாட்டைப் பெரிதாக்கி நாள் நாளாகப் பார்த்துவிட்டேன். ஒன்றின்மேல் ஒன்று ஏறி நிற்பது செவ்வாய்க்கிழமை மட்டும்தான். ஆனால் வண்டியில் போகிற நேரத்தை எந்த நாளிலும் போடவில்லை. அதனால்தான் மற்ற நாட்கள் சரியாக இருப்பதுபோலத் தெரிகிறது.

செவ்வாய் காலை 9–11 ஈரோடு ஜவுளிச் சந்தை. அதற்கு நடுவில் 10.30க்கு ஜெர்மனி பையர் கால். நம் 10.30 அவர்களுக்குக் காலை 7 மணி. அந்த நேரத்தில் கூப்பிடுவார்களா என்று சந்தேகம் வந்து மெயிலைத் திறந்து பார்த்தேன். 10.30 என்று அவர்கள் எழுதியது அவர்கள் ஊர் நேரம். அங்கே இப்போது கோடை நேரம், நம்மைவிட மூன்றரை மணி பின்னால். ஆக, நமக்கு மதியம் 2 மணி. சந்தையோடு மோதவில்லை, 1.30க்குப் போட்டிருக்கும் பெருந்துறை பிரிண்டிங்கோடுதான் மோதுகிறது. சந்தையை நாம் நகர்த்த முடியாது. பெருந்துறை புதனுக்குப் போகட்டும், அன்று காலை காலியாகத்தான் இருக்கிறது.

திங்கள் கோவை ஆடிட்டர் 11.30க்கு முடிகிறது, வீரபாண்டி டையிங் அதே 11.30க்குத் தொடங்குகிறது. நடுவில் ஒன்றரை மணி நேரப் பயணம். டையிங் மாஸ்டரிடம் கேட்டேன், 3 மணிக்கு வரச் சொல்கிறார். கலரைப் பகல் வெளிச்சத்திலேயே பார்த்துவிடலாம்.

வெள்ளிக்கிழமைதான் எனக்குப் பெரிய கவலை. பொள்ளாச்சிக் கல்யாணம் முழுநாள் குறிப்பாக மேலே மெல்லிய பட்டையாகக் கிடக்கிறது, கண்ணில் படவே இல்லை. அதன் கீழே 9.30க்கு மெர்ச்சன்டைசர் மீட்டிங்! முகூர்த்தம் 6–7.30. சீருக்கு முதல் நாள் இரவே வந்துவிட வேண்டும் என்று அண்ணி சொன்னார்கள். வியாழன் 5.30க்குப் பீளமேடு விமான நிலையத்தில் மும்பை ஏஜென்டைக் கூட்டிக்கொள்ள வேண்டும். ஆனால் 4–5 சாம்பிள் அப்ரூவல் திருப்பூரில். சாம்பிளை முன்னால் தள்ளிவிட்டால், ஏஜென்டை ஹோட்டலில் விட்டுவிட்டு அப்படியே பொள்ளாச்சி போய்விடலாம், திரும்பி வந்து போகிற அலைச்சல் இல்லை.

மாற்றியது இப்படி:

திங்கள்: 8.15 கிளம்புவது, 10–11.30 ஆடிட்டர், 3.00 டையிங்
செவ்வாய்: 7.30 கிளம்புவது, 9–11 ஈரோடு, 12.45 ஆபீஸ், 2–3 ஜெர்மனி கால்
புதன்: 9.45 கிளம்புவது, 11–12 பெருந்துறை
வியாழன்: 2–3 சாம்பிள், 3.45 கிளம்புவது, 5.30 விமான நிலையம், இரவு பொள்ளாச்சி
வெள்ளி: கல்யாணம், 9.00 கிளம்புவது, 11.30 மெர்ச்சன்டைசர்

சனிக்கிழமை எல்லாமே ஆபீசில்தான், தொடவில்லை.

பெருந்துறைக்காரரிடம் இன்னும் பேசவில்லை. நீங்கள் சரி என்றால் இன்று மாலைக்குள் பேசிவிட்டு, போகிற நேரத்தையும் தனித்தனிக் கட்டமாகக் காலண்டரில் போட்டுவிடுகிறேன்.