25 வாட் எல்இடிக்கு ஹீட் சிங்க்: ஃபின் எவ்ளோ நெருக்கமா இருக்கலாம்?

லைட் 25 வாட், ஃபேன் கிடையாது, வெளிக்காத்து 45 டிகிரி, பேஸ் 100க்கு 100 மில்லிமீட்டர், தடிமன் 5, ஃபின் உயரம் 35, ஃபின் தடிமன் 1.5. இதுக்கு முதல்ல வெறும் கண்டக்ஷன் மாடல் போட்டேன், பரப்புலேர்ந்து காத்துக்கு வெப்பம் எவ்ளோ சுலபமா போகுதுன்னு சொல்ற h க்கு எல்லா இடத்துலயும் 10 W/m²K னு ஒரே நம்பர். 23 ஃபின், இடைவெளி 3 மி.மீ. வச்சா வெறும் 20 டிகிரிதான் ஏறும்னு வந்துச்சு, நம்பி சாம்பிள் வெட்டி தெர்மோகப்பிள் ஒட்டிப் பாத்தா 58 டிகிரி ஏறுது!

தப்பு அந்த 10லதான். h நாம குடுக்குற நம்பர் இல்ல, இடைவெளியப் பொறுத்து மாறுற விஷயம். சூடான காத்து தானா மேல ஏறணும், ரெண்டு ஃபினுக்கும் நடுவுல 3 மி.மீ.தான் இருந்தா ரெண்டு பக்கத்து பவுண்டரி லேயரும் ஒட்டிக்கிட்டு காத்து நகரவே மாட்டேங்குது, h 1 பக்கத்துல விழுந்துடுது. நிலையான h போட்ட மாடலுக்கு இது தெரியவே தெரியாது, ஃபின் சேக்கச் சேக்க நல்லதுன்னுதான் சொல்லிட்டே இருக்கும்.

நிக்கிற தட்டுகளுக்கு நல்ல இடைவெளி கண்டுபுடிக்க ஒரு ஃபார்முலா இருக்கு:

```
S = 2.714 * L / Ra^(1/4)
```

S இடைவெளி, L தட்டோட செங்குத்து நீளம், Ra ங்கிறது சூடான காத்து மேல ஏறுற வேகத்த குறிக்கிற ரேலி எண். L = 0.1 மீ, ஏத்தம் 40 டிகிரின்னா Ra சுமார் 21 லட்சம், S 7 மி.மீ. வருது, அங்க h 5.3 மாதிரி. அதனால 12 ஃபின், 7.4 மி.மீ. கேப்னு மாத்தி OpenFOAM சிமுலேஷன் சாஃப்ட்வேரோட chtMultiRegionSimpleFoam ல காத்தையும் சேத்து ஓட்டினேன், கேப்புக்குள்ள குறைஞ்சது அஞ்சாறு மெஷ் செல்லாவது விட்டு, ரேடியேஷனும் ஆன் பண்ணி. இப்போ ஏத்தம் 41, அதாவது எல்இடிக்கு அடியில 86 டிகிரி. பழைய 23 ஃபினையும் இதுலயே ஓட்டினா 61 வந்துச்சு, அளந்த 58க்குப் பக்கத்துலயே நிக்குது, அப்பதான் மனசுக்கு நிம்மதி.

மெட்டீரியல் பத்தி நிறைய பேர் முதல்ல கேக்குறது காப்பர்தான். 6063 அலுமினியம் 200 W/mK, காப்பர் 390 கிட்ட. ஆனா இந்த சைஸுல அலுமினிய ஃபினோட எஃபிஷியன்சியே 98 சதவீதம், பிறகு காப்பர் என்னத்த கூட்டும், எல்இடி ஒரு சின்ன இடத்துல உக்காந்திருக்குறதால பேஸ்ல பரவுற இடத்துல மட்டும் ரெண்டு ரெண்டரை டிகிரி குறையுது, எடையோ 305 கிராம்லேர்ந்து ஒரு கிலோவ தாண்டுது. டை காஸ்ட் அலுமினியக் கலவை ஏடிசி12 (96 W/mK) போட்டா அஞ்சாறு டிகிரி கூடுது, அது எனக்கு ஒத்துவராது.

உண்மையா அடிச்சது எதுன்னா அனோடைசிங். வெப்பத்த கதிரா வெளிய விடுற திறனான எமிஸிவிட்டி பாலிஷ் அலுமினியத்துக்கு 0.1தான், கருப்பு அனோடைஸ் 0.8, அத எடுத்துட்டா 8 டிகிரி ஏறுது, காப்பர் குடுக்குற லாபத்தோட மூணு மடங்கு. அடுத்து ஃபின் படுக்கையா இருக்குற மாதிரி திருப்பி ஓட்டணும், லைட்ட எப்படி மாட்டுவாங்கன்னு நம்ம கையில இல்லையே.