மாதம்மாள், சின்னான் கொட்டாய்

கவரின் மேல் இருந்தது இவ்வளவுதான்: மாதம்மாள், க/பெ மாது, சின்னான் கொட்டாய், பென்னாகரம் வட்டம். வீட்டு எண் இல்லை. தர்மபுரிப் பக்கம் சந்தையில் நின்று "மாது" என்று கூப்பிட்டால் நாலு பேராவது திரும்பிப் பார்ப்பார்கள். கிளை அஞ்சலகத்துக்குப் புதிதாக வந்த குமரேசனுக்கு அது தெரியும். அவனும் அரூர்க்காரன்தான்.

கொட்டாயில் தெரு என்று ஒன்று கிடையாது. அவரவர் காட்டில் அவரவர் வீடு. அண்ணன் தம்பி பாகம் பிரித்தால் எண் பழைய வீட்டோடு நின்றுவிடும், புது வீடு சும்மா நிற்கும்.

புளியமரத்தடியில் ஓர் அக்கா புளி தட்டிக்கொண்டிருந்தார்.

"அக்கா, மாதம்மாள் வீடு எதுங்க? வீட்டுக்காரர் பேரு மாது."

"என்ன தபாலு?"

"ஸ்பீடு போஸ்ட். கையெழுத்து வாங்கணும்."

கையெழுத்து என்றதும் தட்டுகிற கை நின்றது. "அப்படி யாரும் இங்க இல்லைங்க."

அடுத்த காட்டில் மாடு கட்டிக்கொண்டிருந்தவர், மாதம்மாள் கட்டட வேலைக்குப் பெங்களூர் போய்விட்டதாகச் சொன்னார். மேட்டு வீட்டுத் தாத்தா இன்னும் ஒரு படி மேலே போனார்: "அது போன வருசமே செத்துப்போச்சே, சாமி."

இல்லாதவர், பெங்களூர் போனவர், செத்தவர். மூன்றும் ஒரே ஆளாக இருக்க முடியாது. குமரேசனுக்கு விஷயம் புரிந்தது. நகைக் கடன் நோட்டீஸ் என்று நினைத்துவிட்டார்கள். திரும்பி வந்து புளியமரத்தடியில் வண்டியை நிறுத்தி, குடிக்கத் தண்ணீர் கேட்டான். சொம்பு வந்தது.

"உள்ள என்ன இருக்குன்னு எனக்கும் தெரியாதுக்கா. ஆள் இல்லைன்னா திருப்பி அனுப்பிடுவாங்க. அப்புறம் அவங்கதான் டவுனுக்கு அலையணும்."

அக்கா கவரை ஒரு பார்வை பார்த்தார். விரலால் அழுத்தினார். நடுவில் கெட்டியாக ஏதோ தட்டுப்பட்டது.

"கார்டு மாதிரி இருக்குது. பேங்க்ல எழுதிக் குடுத்துட்டு வந்துச்சே, அதுவா?" என்றவர், பதிலுக்குக் காத்திருக்கவில்லை. "மாதம்மோவ்! உன் கார்டு வந்திருக்குதுடீ!"

போன வருடம் செத்துப்போனவர் மாட்டுக் கொட்டகைக்குப் பின்னாலிருந்து சாணிக் கையோடு ஓடி வந்தார். கையைக் கழுவி, ஆதாரைக் காட்டி, எழுத்துக் கூட்டிக் கையெழுத்துப் போட்டார். மாடு கட்டியவரும் மேட்டு வீட்டுத் தாத்தாவும் வந்து சேர்ந்தார்கள். யாருக்கும் கூச்சமே இல்லை.

குமரேசன் பாக்கெட் நோட்டை எடுத்து, "மாதம்மாள், புளியமரத்துக்குக் கிழக்கே, தகரக் கொட்டகை" என்று எழுதினான்.

"எங்க வீட்டையும் எழுதிக்கப்பா" என்றார் தாத்தா.

"இவரை மொண்டி மாதுன்னு எழுதுங்க. அப்பதான் ஊருக்கே தெரியும்" என்றார் மாடு கட்டியவர்.

"அடேய், உன்னை என்னன்னு எழுதறதுன்னு நான் சொல்லட்டுமாடா?"

குமரேசன் பேனாவை மூடிவிட்டு வண்டியை எடுத்தான். இன்னும் இரண்டு கொட்டாய் பாக்கி இருந்தது.