விடுதிக் காப்பாளருக்கு, ஊருக்கு வர விடுப்பு கேட்டு

அனுப்புநர்:
ரா. சண்முகத்தாய்,
பாளையங்கோட்டை.

பெறுநர்:
காப்பாளர் அவர்கள்,
ஆண்கள் விடுதி,
பொறியியல் கல்லூரி, கோயம்புத்தூர்.

02.04.2025

பொருள்: ரா. இசக்கிமுத்து, இரண்டாம் ஆண்டு மெக்கானிக்கல், அறை எண் 214 – வீட்டு விசேஷத்துக்கு விடுப்பு வேண்டி.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். வரும் 11ஆம் தேதி வெள்ளிக்கிழமை பங்குனி உத்திரம். அன்று என் மூத்த மகளின் பையனுக்கு மொட்டை போட்டுக் காது குத்துகிறோம். களக்காடு பக்கம் குளக்கரையில் இருக்கும் சாஸ்தா கோவில்தான் மாப்பிள்ளை வீட்டுக்குக் குலதெய்வம். எங்கள் பக்கம் எந்த ஊரில் பிழைத்தாலும் உத்திரத்துக்குச் சாஸ்தா கோவிலுக்கு வந்துவிடுவார்கள். சொந்தக்காரர்கள் எல்லாரும் கூடுவது அந்த ஒரு நாள் என்பதால் தேதியை மாற்றும்படி சம்பந்தி வீட்டில் கேட்க முடியாது.

பிள்ளையைத் தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் மொட்டை போடுவார்கள், காது குத்துவார்கள் என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. என் மகளுக்கு உடன்பிறந்தவன் இசக்கிமுத்து ஒருவன்தான். சித்தப்பா மகனை உட்கார வைக்கலாமே என்று வீட்டில் ஒரு பேச்சு வந்தது. மகள் ஒரேயடியாக மறுத்துவிட்டாள். அழைப்பிதழிலும் தாய்மாமன் என்று இவன் பெயரைப் போட்டாயிற்று. பையன்கள் சொல்லும் காரணங்களைக் கேட்டுக் கேட்டு உங்களுக்கும் அலுத்திருக்கும், அதனால் அதையும் இதோடு வைத்திருக்கிறேன்.

10ஆம் தேதி மகாவீர் ஜெயந்தி, 14ஆம் தேதி தமிழ்ப் புத்தாண்டு, நடுவில் சனி, ஞாயிறு. ஆக, வகுப்பு போவது வெள்ளி ஒரு நாள்தான். அன்றைக்குள்ள லேபை வேறு பேட்ச்சோடு செய்துகொள்ளலாம் என்று அவன் சார் சொல்லியிருக்கிறாராம். வகுப்பு ஆசிரியரிடம் தனியாக லீவ் லெட்டர் கொடுத்துக் கையெழுத்து வாங்கிவிடுவான்.

9ஆம் தேதி புதன் சாயங்காலம் அவன் அப்பாவே விடுதிக்கு வந்து, பதிவேட்டில் கையெழுத்துப் போட்டு, நாகர்கோவில் ரயிலில் கூட்டி வருவார். திரும்பும்போது 14ஆம் தேதி இரவு ரயிலில் நாங்கள் ஏற்றிவிடுவோம். 15ஆம் தேதி காலை வகுப்புக்கு வந்துவிடுவான். இரண்டு டிக்கெட்டும் எடுத்தாகிவிட்டது. அனுமதி கிடைக்குமுன் எடுத்ததைத் தப்பாக நினைக்க வேண்டாம், உத்திரக் கூட்டத்தில் கடைசி நேரத்தில் இடம் கிடைக்காது. விடுதியில் அவன் பெயருக்கு நேரே இருக்கும் என் எண்ணில் கூப்பிட்டு நீங்கள் எப்போது வேண்டுமானாலும் விசாரித்துக்கொள்ளலாம்.

ஆகவே 9ஆம் தேதி மாலை முதல் 15ஆம் தேதி காலை வரை அவனுக்கு அவுட் பாஸ் தருமாறு கேட்டுக்கொள்கிறேன். சம்மதம் என்றால் திங்கட்கிழமைக்குள் அவனிடம் சொல்லிவிடுங்கள் ஐயா. தாய்மாமன் சீருக்கு வேட்டி, சட்டை அளவு பார்த்து எடுக்க வேண்டியிருக்கிறது.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
ரா. சண்முகத்தாய்
(இசக்கிமுத்துவின் தாயார்)

இணைப்பு: காதணி விழா அழைப்பிதழ், ரயில் டிக்கெட் நகல்