பங்குனி உத்திர விழாக்குழு, தொண்டூழியர் சந்திப்பு: வரவேற்புரை

எல்லாருக்கும் வணக்கம்.

பின்னால் நிற்பவர்கள் முன்னால் வாருங்கள், நாற்காலி நிறைய இருக்கிறது. இந்த ஆண்டு முன்வரிசையை யாருக்கும் ஒதுக்கவில்லை. தூண் பக்கத்தில் நிற்கிற தம்பிகளே, உங்களையும்தான் கூப்பிடுகிறேன். வந்து உட்காருங்கள்.

விழாக்குழுவின் துணைச் செயலாளர் என்ற முறையில் வரவேற்புரை என் பொறுப்பு. குழுவின் கோப்பில் நான்கு பக்கத்துக்கு ஒரு வரவேற்புரை இருக்கிறது. எனக்கு முன்னால் இருந்தவர்கள் அதைப் படித்தார்கள், மூன்று ஆண்டுகளாக நானும் படித்தேன். "விண்ணவரும் போற்றும் வேலவன் சந்நிதியில் சிரம் தாழ்த்தி, கரம் குவித்து, இதயக் கமலம் மலர வருக வருக என வரவேற்கிறோம்" என்று அது தொடங்கும். ஒவ்வொருவர் பெயருக்கு முன்னாலும் ஈகைச் செம்மல், தொண்டின் சிகரம், ஆன்மிகச் சுடர் என்று ஓர் அடைமொழி. எழுதியவர் நல்ல மனதோடுதான் எழுதினார். யாருக்கும் மரியாதை குறைந்துவிடக் கூடாதே என்ற கவலை ஒவ்வொரு வரியிலும் தெரியும். ஆனாலும் இன்று நான் அதைப் படிக்கப் போவதில்லை. காரணத்தை உங்களிடம் சொல்ல வேண்டும்.

சென்ற ஆண்டு இதே கூட்டத்தில், பந்தல் போட்டுக் கொடுத்த தம்பிகள் ஏழு பேர் அந்தக் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். கட்டுமானத் தளத்தில் சாரம் கட்டுகிறவர்கள். வாரத்தில் ஒரு நாள்தான் விடுப்பு. அந்த ஞாயிற்றுக்கிழமையையும் கோயிலுக்குக் கொடுத்தார்கள். தங்கும் விடுதிக்குத் திரும்ப எட்டரை மணிக்கு வண்டி. நான் அந்த நான்கு பக்கத்தையும் நிறுத்தி நிதானமாகப் படித்தேன். அதற்குப் பிறகு பொன்னாடை, மாலை, இன்னும் சில உரைகள். எல்லாம் முடிந்து நான் சமையல்கட்டுக்குப் போனபோது மேசை ஓரத்தில் ஏழு தட்டு, மூடி போட்டபடி அப்படியே இருந்தது. பரிமாறத் தயாராக எடுத்து வைத்தது. தம்பிகள் போய்விட்டிருந்தார்கள்.

அடுத்த வாரம் அவர்களில் ஒருவரைப் பார்த்தேன். "சாப்பிட்டுவிட்டுப் போயிருக்கலாமே தம்பி" என்றேன். அவர் சொன்னது: "நீங்க பேசிக்கிட்டு இருந்தீங்கக்கா. நடுவுல எந்திரிச்சு சாப்பிடப் போனா மரியாதையா இருக்காதுன்னு உட்கார்ந்திருந்தோம். அதுக்குள்ள வண்டி வந்துருச்சு."

ஊரை எல்லாம் வருக வருக என்று நான் வாசித்துக்கொண்டிருந்த நேரத்தில் அவர்கள் பசியோடு கிளம்பிப் போனார்கள். அந்த ஏழு பேரில் ஐந்து பேர் இன்றும் வந்திருக்கிறார்கள். தம்பிகளே, உங்களிடம் எல்லார் முன்னாலும் மன்னிப்புக் கேட்கிறேன். இன்று ஏழரை மணிக்குச் சாப்பாடு. யார் பேசிக்கொண்டிருந்தாலும் ஏழரைக்குப் பரிமாறிவிடுவோம். தலைவரும் இதற்கு ஒத்துக்கொண்டிருக்கிறார்.

என் அப்பா செம்பவாங் கடற்படைத் தளத்தில் வேலை பார்த்தவர். 1971-இல் பிரிட்டிஷ் படை போகும்வரை அங்கேதான் இருந்தார். சிங்கப்பூரில் கப்பலைவிட்டு இறங்கிய முதல் வாரத்தில் ஒருவர் கூட்டிக்கொண்டு போய் ஒரு கோயிலில் விட்டாராம். அங்கே இருந்த பெரியவர் ஊர் என்ன, பேர் என்ன என்று எதுவும் கேட்கவில்லை. "சாப்பிட்டியாப்பா?" என்றுதான் கேட்டார். அப்பா அதைச் சொல்லும்போதெல்லாம் கொஞ்சம் நிறுத்திவிட்டுத்தான் மேலே பேசுவார். இந்த ஊரில் தனக்குக் கிடைத்த வரவேற்பு என்று அவர் கடைசிவரை சொன்னது அந்த ஒரு கேள்வியைத்தான்.

இது என் அப்பாவுக்கு மட்டும் நடந்ததல்ல. சவுத் பிரிட்ஜ் சாலை மாரியம்மன் கோயில் 1827-இல் எழுந்தபோது அது மரத்தாலும் அத்தாப்பு ஓலையாலும் ஆன சின்னக் கட்டடம். அதற்கு முன்னின்ற நாராயண பிள்ளை 1819-இல் பினாங்கிலிருந்து ராபிள்ஸின் கப்பலில் வந்தவர், இங்கே செங்கல் சூளை வைத்தவர். புதிதாக ஊரிலிருந்து வந்தவர்கள் வேலையும் தங்க இடமும் கிடைக்கும்வரை அந்தக் கோயிலில் ஒதுங்கியிருக்கிறார்கள். சிங்கப்பூரில் நம் கோயில்கள் தொடக்கத்திலிருந்தே வந்தவரை உள்ளே விட்டு உட்காரவைத்த இடங்கள். நம் கோயில் அவ்வளவு பழையதில்லை, பெரியதுமில்லை. ஆனால் அந்த வேலை நமக்கும் உண்டு.

அதனால் இப்போது வரவேற்கிறேன். பட்டியல் வரிசைப்படி இல்லை, என் மனதில் வருகிற வரிசைப்படி.

சமையல்கட்டு அக்காக்களே, வாருங்கள். நீங்கள் இப்போதும் உள்ளேதான் இருக்கிறீர்கள், ஒலிபெருக்கியில் கேட்கும் என்று நினைக்கிறேன். உத்திரத்தன்று விடியற்காலை இரண்டு மணிக்கு வருகிறவர்கள் நீங்கள். போன ஆண்டு நான் எட்டிப் பார்த்தபோது ஓர் அக்கா ஒரு கையை முழங்கைவரை புளிக்கரைசலில் விட்டுப் பிசைந்துகொண்டிருந்தார். மறுகையில் தைலம் தேய்த்து, துணி சுற்றியிருந்தது. தோள்பட்டை வலியாம். "வீட்டுக்குப் போங்கக்கா" என்றதற்கு, "ரசம் கொதிக்கட்டும், போறேன்" என்றார். பகல் இரண்டு மணிக்கும் அங்கேதான் நின்றார். நீங்கள் சாமி ஊர்வலத்தை ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை என்று எனக்குத் தெரியும். இந்த ஆண்டு தேர் வாசலுக்கு வரும்போது சமையல்கட்டுக்கு வேறு ஆள் நிற்பார்கள், நீங்கள் வெளியே வந்து தீபாராதனை பார்க்க வேண்டும். இளையர் அணியில் ஆறு பேரிடம் சொல்லிவைத்திருக்கிறேன்.

காலணி வைக்கும் இடத்தைப் பார்த்துக்கொள்கிற ஐயா, வாங்க. எத்தனையோ ஆண்டுகளாக நீங்கள் குனிந்து நிமிர்ந்து வேலை செய்கிறீர்கள். பழைய உரையின் நான்கு பக்கத்திலும் உங்களைப் பற்றி ஒரு வரி இல்லை. கோயிலுக்கு வருகிறவர் முதலில் பார்ப்பது உங்கள் முகத்தைத்தான். நீங்கள் ஒருவரைப் பார்த்தும் முகம் சுளித்ததில்லை.

தேசிய சேவையிலிருந்து இன்று விடுப்பில் வந்திருக்கிற பையன்கள், பலதுறைத் தொழிற்கல்லூரிப் பிள்ளைகள், வாருங்கள். தமிழில் பேசத் தயங்குவதாக உங்களில் சிலர் சொன்னீர்கள். தயங்க வேண்டாம். வந்த மாதிரிப் பேசுங்கள், பெரியவர்கள் யாரும் திருத்திக்கொண்டே இருக்க மாட்டோம். பால்குடம் எடுத்து வருகிற பாட்டிக்கு உங்கள் இலக்கணம் வேண்டாம், தண்ணீர்தான் வேண்டும்.

எதிர் புளோக்கிலிருந்து வந்திருக்கிற நம் சீன அண்டை வீட்டார் மூவரையும் வரவேற்கிறேன். என் பக்கத்தில் இருக்கிற தங்கை உங்களுக்கு மொழிபெயர்த்துச் சொல்வார். விடியற்காலையில் நம் வாசலில் கூட்டம் சேர்ந்து சத்தம் எழும் என்று தெரிந்தும், போன ஆண்டு நீங்கள் புகார் சொல்லவில்லை. கீழ்த்தளத்தில் இரண்டு பெட்டி தண்ணீர்ப் போத்தலைக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனீர்கள். எங்களுக்கு அது மறக்காது.

சிறப்பு விருந்தினராக வந்திருக்கும் சமூக மன்ற நிர்வாகக் குழுத் தலைவர் அவர்களுக்கு வணக்கம். இந்த மண்டபத்தைக் கொடுத்து உதவியது நீங்கள். பொன்னாடைக்கும் மாலைக்கும் வைக்கிற பணத்தை இந்த ஆண்டு முதலுதவிப் பொருள்களுக்குச் செலவிடலாமா என்று உங்களிடம் முன்கூட்டியே கேட்டோம். நீங்கள் உடனே சரி என்றீர்கள். உங்களுக்கு அதைவிடப் பெரிய அடைமொழி எனக்குத் தெரியவில்லை.

தலைவர், பொருளாளர், குருக்கள் ஐயா, உபயதாரர்கள் எல்லாருக்கும் வணக்கம். நீங்கள் நம் வீட்டு ஆட்கள். உங்களுக்கு நீட்டிச் சொல்லத் தேவையில்லை என்ற உரிமையில் சுருக்கிக்கொள்கிறேன்.

வேலை விஷயமாக இரண்டு மூன்று மட்டும். முழு விவரத்தைச் செயலாளர் சொல்வார்.

ஊர்வலத்துக்குக் காவல்துறை கொடுத்திருக்கும் அனுமதியில் நேரமும் பாதையும் எழுதியிருக்கின்றன. ஒரு தடம்தான் நமக்கு. காவடிகளுக்கு நடுவில் இடைவெளி விழுந்தால் பின்னால் வருகிறவர் வெயிலில் நிற்க வேண்டிவரும். பத்து மணிக்கு மேல் தார்ச்சாலை எப்படிச் சுடும் என்று வெறுங்காலோடு நடந்தவர்களுக்குத் தெரியும். அலகு குத்தியவர் வலிக்கிறது என்று வாய்திறந்து சொல்ல முடியாது. அவருடைய கண்ணைப் பாருங்கள், காலைப் பாருங்கள். நடை தடுமாறினால் உடனே முதலுதவிக் குழுவைக் கூப்பிடுங்கள். காலில் தண்ணீர் ஊற்றும்போது மெதுவாக ஊற்றுங்கள், தரை வழுக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று, இதுதான் எனக்கு முக்கியம். அன்று வாசலில் யாராவது தயங்கி நிற்பார்கள். வேலை உடுப்போடு வந்தவராக இருக்கலாம், பால்குடத்துக்குக் கட்டணச் சீட்டு எங்கே வாங்குவது என்று தெரியாதவராக இருக்கலாம், சக்கர நாற்காலியில் அம்மாவை வைத்துக்கொண்டு எந்தப் பக்கம் போவது என்று பார்ப்பவராக இருக்கலாம். "அங்கே கேளுங்கள்" என்று கையைக் காட்டிவிட்டு நகர்ந்துவிடாதீர்கள். நாலடி கூட நடந்து போய் விட்டுவிட்டு வாருங்கள். பங்குனி உத்திரம் முருகனுக்கும் தெய்வானைக்கும் கல்யாண நாள். கல்யாண வீட்டில் வாசலுக்கு வந்தவரை யாரும் கைகாட்டி அனுப்புவதில்லை. "வாங்க, உள்ள வாங்க, மொதல்ல சாப்பிடுங்க" என்போம். அதையே சொல்லுங்கள்.

மணி ஏழு இருபத்தைந்து. தம்பிகளே, உங்கள் வண்டிக்கு இன்னும் ஒரு மணி நேரம் இருக்கிறது. முதல் பந்தியில் நீங்கள்தான் உட்காருகிறீர்கள், நான் பரிமாறுகிறேன்.

அக்கா, இலை போடலாம்.