குரூப் 1 தேர்ச்சி: துணைப் பதிவாளராகப் பொறுப்பேற்கும் முன்

டிஎன்பிஎஸ்சி நடத்திய குரூப் 1 தேர்வில் தேர்ச்சி பெற்று, கலந்தாய்வில் கூட்டுறவுச் சங்கங்களின் துணைப் பதிவாளர் பணியைத் தேர்ந்தெடுத்திருக்கிறேன் என்பதை மகிழ்ச்சியோடும் பெருமையோடும் உங்கள் அனைவருக்கும் தெரிவித்துக்கொள்கிறேன்.

முதல்நிலைத் தேர்வோடு நின்றுபோன ஆண்டு உண்டு; முதன்மைத் தேர்வு எழுதிவிட்டு, நேர்முகத் தேர்வுக்கான பட்டியலில் என் பதிவெண்ணைத் தேடித் தேடிப் பார்த்த ஆண்டும் உண்டு. அதனால், "இந்த முறை அதிர்ஷ்டம் கைகொடுத்துவிட்டது" என்று அன்போடு வாழ்த்துகிறவர்களிடம்கூட, இல்லை, இது உழைத்துப் பெற்றது என்றுதான் சொல்கிறேன். தலா 250 மதிப்பெண் கொண்ட மூன்று தாள்களில் ஒவ்வொன்றுக்கும் மூன்று மணி நேரத்துக்குள் விடை எழுதி முடிக்கும் வேகம் கைக்கு வருவதற்காக, வேலைவாய்ப்பு அலுவலகத்தின் தன்னார்வப் பயிலும் வட்டத்தில் மாலைதோறும் உட்கார்ந்து, நடுவிரலில் பேனா அழுந்திய இடம் காய்த்துப்போகும் வரை எழுதியிருக்கிறேன். அந்த உழைப்பைத் தன்னடக்கம் என்ற பெயரில் மறைத்துப் பேச எனக்கு மனமில்லை.

அதே மேசையில் எனக்கு எதிரே அமர்ந்து, என் விடைத்தாள்களைச் சிவப்பு மையால் திருத்தி, "தரவு எங்கே? முடிவுரை எங்கே?" என்று ஓரத்தில் எழுதித் தந்த தோழியின் எண் இந்தப் பட்டியலில் இல்லை. முதல்நிலைத் தேர்வில் ஒரு கேள்விக்கு ஒன்றரை மதிப்பெண். கட் ஆஃபுக்கு மேலே நிற்பவரையும் கீழே நிற்பவரையும் பிரிக்க அந்த ஒரு கேள்வி போதும். நிர்வாகமும் பொருளாதாரமும் என்னைவிட நன்றாக அறிந்தவர்கள் கோட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கிறார்கள் என்பது உடன் படித்த எனக்குத் தெரியும். ஆகவே இந்தப் பதிவைக் காட்டி யாரும் தங்கள் வீட்டுப் பிள்ளையிடம், "அவளால் முடிந்தது, உன்னால் ஏன் முடியவில்லை?" என்று கேட்டுவிடாதீர்கள்.

என்னைப் படிக்க வைத்த அப்பா, குறுவைக்கும் சம்பாவுக்கும் பயிர்க்கடன் கேட்டு எங்கள் ஊர்த் தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கத்தில் சிட்டா, அடங்கலோடு வரிசையில் நின்றவர். அப்படிப்பட்ட சங்கங்களின் கணக்கையும் நடப்பையும் மேற்பார்வையிடும் பொறுப்புக்கு இப்போது நான் போகிறேன். 1904-இல் திருவள்ளூர் அருகே திரூரில் கடன் சங்கம் பதிவான காலந்தொட்டு வளர்ந்துவரும் துறை இது. தேர்வுக்காகப் படித்தது இதற்குள் நுழைய மட்டுமே உதவும், வேலையை அங்குள்ள சங்கச் செயலாளர்களிடமும் உறுப்பினர்களிடமும்தான் கற்றுக்கொள்ள வேண்டும்.

அம்மாவுக்கும் அப்பாவுக்கும், பயிலும் வட்டத்தில் கட்டணமின்றிப் பாடம் நடத்திய ஆசிரியர்களுக்கும், நூலகம் பூட்டும் நேரம் தாண்டியும் காத்திருந்த நூலகருக்கும், என் தோழிக்கும் நன்றி. தமிழ் வழியில் எழுதிய முதன்மைத் தேர்வுக் குறிப்புகளை ஸ்கேன் செய்து வைத்திருக்கிறேன். அடுத்த தேர்வுக்குத் தயாராகிறவர்கள் செய்தி அனுப்பினால் அனுப்பிவைக்கிறேன். பயிற்சிக்குக் கிளம்பும் வரை ஞாயிற்றுக்கிழமைகளில் பயிலும் வட்டத்தில்தான் இருப்பேன். விடைத்தாள்களைக் கொண்டு வாருங்கள், சேர்ந்து திருத்துவோம்.