எஸ்தருக்கு மலர்விழி அக்கா எழுதுவது

பெங்களூரு,
ஞாயிறு இரவு

அன்புள்ள எஸ்தர்,

வெள்ளிக்கிழமை மதியம் உன் முதலாண்டுத் தேர்வு முடிவு வந்தது, அனாட்டமியில் நீ தேறவில்லை. நீ சாப்பிடாமல், யாரிடமும் சொல்லாமல் மாரிக்குப்பம் ரயிலேறிப் போய்விட்டாய். உன் தட்டில் இருந்த சப்பாத்தியை நான்தான் சாப்பிட்டேன். மூன்று முறை அழைத்தும் நீ எடுக்காததால் எழுதுகிறேன். கடிதத்தை எடுக்காமல் இருக்க முடியாது, பார்.

'உன் வலி எனக்குப் புரிகிறது' என்று எழுதப்போவதில்லை. நான் அனாட்டமியில் தோற்றதில்லை. என் அறைத்தோழி தோற்றாள். அன்று என்ன பேசுவதென்று தெரியாமல் பத்து நாள் அவளிடம் பேசாமலே இருந்துவிட்டேன். அவள் அழுதுகொண்டிருந்தபோது நான் போர்வைக்குள் தூங்குவதுபோல் நடித்தேன். அந்தக் கடனும் இந்தக் கடிதத்தில் சேர்ந்திருக்கிறது.

சப்ளிமென்டரியில் தேறி அவள் எங்களோடேயே இரண்டாம் ஆண்டுக்கு வந்தாள். போன மாதம் எலும்பு முறிவு வார்டில் ஒரு கட்டடத் தொழிலாளியைப் பார்த்தோம். சாரம் சரிந்து மேற்கை எலும்பு நடுவில் முறிந்திருந்தது. மணிக்கட்டு துவண்டு தொங்கியது. பேராசிரியர் காரணம் கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் அவள் சொல்லிவிட்டாள்: ரேடியல் நரம்பு அந்த எலும்பின் பின்பக்கத்தை ஒட்டிச் சுற்றிப் போகிறது, முறிவில் அது அடிபட்டால் மணிக்கட்டைத் தூக்க முடியாது. முதல் தடவையே தேறிய எனக்கு அது புத்தகத்தின் எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்பதுதான் ஞாபகம் வந்தது!

உன் சிக்கலும் பக்கம்தான் என்று நினைக்கிறேன். எழுத்துத் தேர்வில் உனக்குக் குறையில்லை. வைவாவில் காறை எலும்பைக் கையில் கொடுத்ததும் ஊமையாகிவிட்டாய் என்று உன் வகுப்புப் பிள்ளைகள் சொன்னார்கள். அந்த எலும்பைப் பற்றி நீ நான்கு பக்கம் எழுதுவாய், எனக்குத் தெரியும். ஆனால் எத்தனை முறை அதைக் கையில் எடுத்துப் பார்த்திருக்கிறாய்? டிசெக்‌ஷன் ஹாலில் எப்போதும் மூன்றாம் வரிசையில், மற்றவர்கள் தோளுக்குப் பின்னால்தானே நின்றாய்? ஃபார்மலின் கண்ணை எரிக்கிறது என்று நீ சொன்னபோது, நானும் சிரித்துவிட்டுப் போய்விட்டேன். அப்போதே கையைப் பிடித்து முன்னால் நிறுத்தியிருக்க வேண்டும்.

என் எலும்புப் பெட்டியை உன் கட்டிலுக்கடியில் வைத்துவிட்டேன். முதலில் காறை எலும்பை எடு. கண்ணை மூடிக்கொள். தடித்த முனை மார்பின் நடுவை நோக்கி, தட்டையான முனை தோளை நோக்கி, பள்ளமிருக்கும் பக்கம் கீழே. வலமா இடமா என்று விரல்களே சொல்லும் வரை புத்தகத்தைத் திறக்காதே. பிறகு உன் கழுத்துக்குக் கீழே தொட்டுப் பார். அங்கேயும் அதுதான் இருக்கிறது.

கைக்குப் போகும் நரம்புப் பின்னல் இருக்கிறதே, அந்தப் பிரேக்கியல் பிளெக்சஸை இனி மனப்பாடம் செய்யாதே. அல்சூரில் எங்கள் அம்மா வாசலில் கோலம் போடுவதுபோல் போடு. ஐந்து நரம்பு வேருக்கு ஐந்து புள்ளி, C5 முதல் T1 வரை. மேல் இரண்டும் சேரும், நடுப்புள்ளி தனியாகவே ஓடும், கீழ் இரண்டும் சேரும். வந்த மூன்று இழையும் முன்னொன்று பின்னொன்றாகப் பிரியும். பின்னே போன மூன்றும் ஒன்றாகச் சேரும். அதிலிருந்துதான் அந்தத் தொழிலாளியின் ரேடியல் நரம்பு வருகிறது. தினமும் காலையில் ஒரு தடவை, பழைய செய்தித்தாள் ஓரத்தில் போட்டால் போதும். ஒரு வாரத்தில் கை தானாகப் போடும். ஹிஸ்டாலஜி ஸ்லைடுகளை நாம் சேர்ந்து பார்க்கலாம், அதில் நானும் சுமார்தான்.

இன்னொன்று. அப்பாவிடம் சொல்லிவிட்டாயா? சொல்லவில்லை என்றுதான் தோன்றுகிறது. கோலார் தங்கச் சுரங்கத்தில் உன் தாத்தா இறங்கிய கதையை நீ என்னிடம் எத்தனை முறை சொல்லியிருக்கிறாய்! 2001இல் சுரங்கத்தை மூடிய பிறகும் ஊரைவிட்டுப் போகாமல் உன்னைப் படிக்க வைத்த குடும்பம் அது. ஒரு பாடத்துக்கு அவர்கள் இடிந்துவிடமாட்டார்கள். நீ மறைத்து, வேறு யாரோ சொல்லிக் கேட்டால்தான் அப்பாவுக்கு வலிக்கும். இன்றிரவே சொல். 'சப்ளிமென்டரி இருக்கிறது, தேறினால் என் வகுப்போடேயே போவேன்' என்பதையும் சேர்த்துச் சொல். அது அவரைச் சமாதானப்படுத்தச் சொல்லும் பொய்யல்ல, விதியே அப்படித்தான்.

நாளை மாலை ரயிலில் வா. கன்டோன்மென்டில் இறங்கு, நான் வந்து நிற்கிறேன். வரும்போது உன் அம்மா போட்ட எலுமிச்சை ஊறுகாயைக் கொண்டு வா, மெஸ் சாம்பார் இன்னும் திருந்தவில்லை.

அன்புடன்,
மலர்விழி அக்கா